திங்கட்கிழமைக் காய்ச்சல்

திருவள்ளூர்
12.1.2024

அன்புள்ள வரதன் அவர்களுக்கு,

என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் லேபில் இருந்த பாஷ்யம். உங்கள் முகவரியைப் பழைய டைம் ஆபீஸ் ஆள் ஒருவரிடம் வாங்கினேன். போன் செய்தால் உங்களுக்குக் காது கேட்காது என்றார். அதனால் கடிதம்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு புத்தகம் எழுதினேன். அறிவியல் கருத்துகள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்பது பொருள். படிப்பாளிகளுக்காக இல்லை, பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பவர்களுக்காக. ஒரு கருத்து தவறு என்று தெரிந்த அன்றே அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்களா, இல்லை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்களா, எப்போது விடுகிறார்கள் என்றெல்லாம் பேசுகிறது. மூன்றாம் அத்தியாயம் நம் ஆலையில் வந்த திங்கட்கிழமைக் காய்ச்சல். அதில் உங்கள் பெயர் ஓரிடத்தில் வருகிறது. அனுமதி வேண்டும். நடந்தது 95-ஆ 96-ஆ என்ற சந்தேகமும் இருக்கிறது. உங்கள் நினைவுக்கு முன்னால் நம் ரெஜிஸ்டர் எல்லாம் நிற்காது.

முதல் மூன்று அத்தியாயங்களின் அச்சுப்படி இத்துடன். மார்ச் கடைசிக்குள் பதிப்பகத்துக்குத் தர வேண்டும். நேற்று அமாவாசை. வீதி முழுக்கக் கூட்டம், தபால் ஆபீசுக்குக்கூடப் போக முடியவில்லை. இன்று அனுப்புகிறேன்.

பாஷ்யம்


கும்மிடிப்பூண்டி
21.1.2024

லேப் சாருக்கு வரதன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. எழுதுவது என் மருமகள் ஏஞ்சலின். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். புத்தகத்தையும் அவள்தான் என் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து நாலு நாளாய்க் கத்திப் படித்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "இன்னாம்மா, மாமனார்கூட தெனம் சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதலில் ஒன்று. "அன்புள்ள வரதன் அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் "டேய் வரதா, சாம்பிள் எடுத்துனு வா" என்பீர்கள். எனக்கு எழுபத்தாறு ஆனதும் மரியாதை வந்துவிட்டது. வரட்டும்.

வருஷம் 95. ஆடி ஒன்றாம் தேதி, அன்றைக்குத் திங்கட்கிழமை. பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போகிற வண்டியெல்லாம் மேளம் கட்டிக்கொண்டு ரோட்டில் போனது. அன்றைக்குத்தான் ஃபர்னசில் என்னோடு நின்ற ஆசீர்வாதத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தத் தேதி எனக்கு எப்படி மறக்கும்?

உங்கள் புத்தகத்துக்கு வருகிறேன். இரண்டாம் அத்தியாயம் நன்றாக இருந்தது. ஒரு பொருள் எரியும்போது அதிலிருந்து ஏதோ வெளியே போகிறது என்று நூறு வருஷம் படித்தவர்கள் நம்பினார்களாம். ஆனால் உலோகத்தை எரித்தால் எடை கூடியதாம். போனது என்றால் குறையவேண்டுமே? அதற்குச் சிலர், வெளியே போகிற அந்தச் சரக்குக்கு எடை தலைகீழ், அது போனால் பாரம் ஏறும் என்றார்களாம். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. துருப்பிடித்தால் இரும்பு கனக்கும் என்பது நம் ஸ்கிராப் யார்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

மூன்றாம் அத்தியாயத்தில் சிரிப்பு வரவில்லை. நீங்கள் எழுதியது: "திங்கள்தோறும் வந்த காய்ச்சலை மலேரியா என்றே அனைவரும் நம்பினர். ஒரு தொழிலாளி குடிபோதையில் மயங்கி விழுந்த சம்பவமும் குழப்பத்தைக் கூட்டியது. நான் வாரநாட்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். உண்மை புலப்பட்டது."

யார் சார் அந்த ஒரு தொழிலாளி? பேர் இல்லையா? ஒப்பிட்டுப் பார்த்தது யார்?

உங்கள் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஒரு கருத்து ஜெயித்த பிறகு, பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் அது வந்த வழியில் இருந்த மேடு பள்ளத்தையெல்லாம் நிரவி, நேர் ரோடு மாதிரி எழுதிவிடுவார்கள் என்று. மூன்றாவதில் நீங்களே ரோடு போட்டிருக்கிறீர்கள். அந்த ரோட்டுக்கு அடியில் ஒரு ஆள் கிடக்கிறான்.

ஆசீர்வாதத்தின் பெண்சாதி ஞானம்மா எளாவூரில் இருக்கிறாள். அவன் செத்துப் பத்தொன்பது வருஷம். மஞ்சள் காமாலை. அதையும் குடியில் சேர்த்துவிட்டார்கள். கோயிலில் ஊழியம் செய்தவன், ஒரு சொட்டு தொடாதவன். மகனுக்குப் பெண் கேட்கப் போன இடத்தில், "குடிகாரன் ஊட்ல பொண்ணு குடுக்க மாட்டோம்" என்றார்கள். இப்போது அது புத்தகத்திலும் ஏறப் போகிறது. நிறுத்துங்கள். என் பேரைப் போட அனுமதி இல்லை. அவன் பேரை ஒழுங்காய்ப் போட்டால் அப்புறம் பார்க்கலாம்.

வரதன்


திருவள்ளூர்
30.1.2024

வரதன் அவர்களுக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. என் தரப்பையும் கேளுங்கள்.

சாதாரண வாசகனுக்கு ஒரு கோடு வேண்டும். எல்லாரையும், எல்லாத் தவறான ஊகங்களையும் அடுக்கினால் புத்தகத்தை மூடிவிடுவான். பதிப்பாசிரியரும் அதையே சொல்கிறார்.

ஒட்டுப்போடுவது என்பதே குற்றமில்லை என்றும் நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன், அது உங்களிடம் வரவில்லை. யுரேனஸ் என்ற கோள் கணக்கிட்ட வழியில் போகவில்லை. ஈர்ப்பு விதி தப்பு என்று யாரும் விட்டுவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று ஒட்டுப் போட்டார்கள். சொன்ன இடத்தில் தேடினார்கள், நெப்டியூன் இருந்தது. பிறகு புதன் கோளும் சற்று விலகியது. அதே ஒட்டு: சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோள் என்றார்கள், வல்கன் என்று பேர்கூட வைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் தேடியும் இல்லை. கடைசியில் ஈர்ப்பைப் பற்றிய கருத்தே மாற வேண்டியிருந்தது. ஒட்டுப் போடுகிற அன்று எது நெப்டியூன், எது வல்கன் என்று யாருக்கும் தெரியாது. நம் ஆலை டாக்டரும் அப்படித்தான். ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்ததும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொசு கடிக்கிறது, சாராயம் குடிக்கிறான், உடம்பு தாங்கவில்லை என்றார். அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

ஆசீர்வாதம் குடிக்கவில்லை என்கிறீர்கள். அது உங்கள் நினைவு. இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. நினைவும் திருத்தி எழுதப்படும், வரதன். பார்ப்பதே நாம் முன்னால் நம்பியதன் சாயத்தோடுதான் நடக்கிறது என்று என் புத்தகமே சொல்கிறது. விசாரணைத் தாள் ஒன்று இருந்தது. அதில் சாராய வாடை அடித்தது என்று சாட்சிகள் உண்டு. எழுத்தில் இருப்பதை நான் எப்படித் தள்ளுவேன்?

எனக்கு உடம்பு சரியில்லை. என் மனைவி பங்கஜவல்லி, "இந்தப் புஸ்தகம் உங்களை முடிச்சுட்டுத்தான் முடியும்" என்கிறாள். சுருக்கமாகப் பதில் எழுதுங்கள்.

பாஷ்யம்


கும்மிடிப்பூண்டி
9.2.2024

லேப் சாருக்கு,

சுருக்கமாய்ச் சொல்ல எனக்கு வராது. எழுதத் தெரியாதவன், மறக்கவும் தெரியாதவன்.

95 தை மாசத்திலிருந்து ஜி.ஐ. பைப் ஸ்கிராப்தான் வந்தது. தகரமும் பைப்பும், மேலே வெள்ளைப் பூச்சு. அதை ஃபர்னசில் போட்டதும் இரும்பு உருகுவதற்கு முன்பே பூச்சு கொதித்துப் புகையாய் வரும். வெள்ளைப் புகை. மேலே போய் ஆறி, இலவம் பஞ்சு மாதிரி இறங்கும். கூரைக் கம்பியெல்லாம் மாவு பூசினாற்போல் இருக்கும். வாயெல்லாம் தித்திப்பாய் ஒரு இரும்பு ருசி. காலை எட்டு மணிக்கு வேலைக்கு ஏறினால் நாலு மணிக்குப் பல் அடிக்கும் குளிர். ராத்திரி காய்ச்சல், வியர்வை. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வருவோம். செவ்வாய் முதல் சனி வரைக்கும் அதே புகைதான், ஆனால் காய்ச்சல் வராது. மறுபடி திங்கள்.

மேஸ்திரி, "டேய், உங்களுக்கெல்லாம் காய்ச்சல் காலண்டர் பாத்துனு வருதாடா?" என்பான்.

ஆசீர்வாதம்தான் முதலில் சொன்னான். "வரதண்ணே, கொசுவுக்கு கெழம தெரியுமா?" மாசி பிறந்ததிலிருந்து அவன் ஆறு வாரம் ஞாயிறும் ஓவர்டைம் பார்த்தான். பணத்துக்கு இல்லை, கோயில் ஞாயிற்றையே விட்டுவிட்டுப் பார்த்தான், பாஸ்டர் திட்டினார். ஆறு திங்களும் அவனுக்குக் காய்ச்சல் இல்லை. அப்புறம் மச்சினி கல்யாணம் என்று வியாழன், வெள்ளி, சனி லீவு போட்டான். ஞாயிறு ஓவர்டைமுக்கு வந்தான். ஞாயிறு சாயங்காலம் குளிர் கண்டது! "பாத்தியா ணே, கெழம இல்ல, ஓய்வுதான். மூணு நாள் பொகையவுட்டு இருந்துட்டு திரும்பி வந்தா ஒடம்பு புதுசா பயப்படுது" என்றான். டாக்டர் சொன்ன மாதிரி வீட்டுக் கொசு என்றால், வீட்டிலேயே இருந்த வியாழன் வெள்ளியில் அல்லவா வரவேண்டும்? மறுநாளே உங்கள் லேபுக்கு வந்து இதைச் சொன்னான். நான் பக்கத்தில், ஃபர்னசில் மொண்ட ஸ்பூன் சாம்பிளோடு நின்றேன். "போய்யா, பெரிய டாக்டரு" என்றீர்கள். ஆனால் ஒரு தாளில் குறித்துக்கொண்டீர்கள். நீல மை.

இதையெல்லாம் திருத்தி எழுதின நினைவு என்றால், நான் எதற்கு நீல மையைத் திருத்தி எழுதவேண்டும்?

போன ஞாயிறு ஏஞ்சலினோடு எளாவூர் போனேன். ஞானம்மா அந்த விசாரணைத் தாளை வைத்திருக்கிறாள். ஏஞ்சலின் படித்தாள். "வாயில் மது வாடை இருந்ததை நேரில் முகர்ந்தோம்." முதல் சாட்சி, கெமிஸ்ட் பாஷ்யம், கையெழுத்து. ஞானம்மா தாளைத் திருப்பிப் பார்த்து, "கீழ ஒரு கைநாட்டு இருக்குதே, அது யாருது?" என்றாள். இத்தனை வருஷமாய் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எழுத்தில் இருப்பதைத் தள்ள முடியாது என்றீர்கள். அது உங்கள் கையெழுத்து என்று சொல்லவில்லையே சார்.

(மாமா படுத்துவிட்டார். கடிதத்தை முடித்து அனுப்பச் சொன்னார். — ஏஞ்சலின்)


திருவள்ளூர்
24.2.2024

வரதன்,

பத்து நாள் பதில் எழுத முடியவில்லை.

நீல மைத் தாள் உண்மை. ஆசீர்வாதம் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், டிராயரில் போட்டேன், மறந்தேன். ஆவணி கடைசியில் லேப் அலமாரியில் பழைய ஆங்கிலக் கையேடு ஒன்றைப் புரட்டும்போது, பித்தளை வார்ப்பவர்களுக்கு வரும் நடுக்கக் காய்ச்சல் பற்றி ஒரு பத்தி இருந்தது. துத்தநாகப் புகை; நம் பைப் ஸ்கிராப்பின் வெள்ளைப் பூச்சும் துத்தநாகம்தான். ஓய்வுநாள் முடிந்து திரும்பும் முதல் நாள் கடுமையாக வரும், வாரநடுவில் பழகிவிடும், ஓய்வெடுத்தால் அந்தப் பழக்கம் போய்விடும் என்றிருந்தது. உலகம் நூறு வருஷமாக அறிந்தது. நாம் இருந்த ஷெட்டுக்குத்தான் வந்து சேரவில்லை. அப்போது டிராயரைத் திறந்தேன். அவன் சொன்ன ஆறு வாரமும் அந்த மூன்று நாள் லீவும் அச்சடித்தாற்போல் பொருந்தின.

அதுவரை அவன் சொன்னது என் கண்ணில் ஏன் படவில்லை? அதை வைக்க என்னிடம் இடமில்லை. ஒரு கருத்தை வெறும் முரண்பாடு வீழ்த்துவதில்லை. மாற்றாக இன்னொன்று கைக்குக் கிடைக்கும்வரை, முரண்பாடு வெறும் தொந்தரவாகத்தான் தெரிகிறது. இதை ஐந்தாம் அத்தியாயத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். யாரிடம் கற்றேன் என்று எழுதவில்லை.

மேனேஜரிடம் கையேட்டைக் காட்டினேன். புகை உறிஞ்சும் கூண்டு வைத்தார்கள், காய்ச்சல் நின்றது. எனக்குச் சீனியர் கெமிஸ்ட் பதவி. அப்போதே ஆசீர்வாதத்தைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கையெழுத்துப் பொய்யாகும். அது ஒன்றுதான் காரணம், வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பொய்ச்சாட்சி போடவில்லை. வாடை அடித்தது. மேனேஜர் "குடிச்சிருக்கான் பாருங்கோ" என்றார். குனிந்தேன். அடித்தது. இன்றும் மூக்கில் இருக்கிறது. அதனால்தான் புத்தகத்தில் அப்படி எழுதினேன். அவன் குடிக்காதவன் என்றால் அது என்ன வாடை? எனக்கு விளங்கவில்லை. எனக்குக் கீழே கைநாட்டு வைத்தவரும் முகர்ந்திருக்கிறார். அவர் யாரென்று தெரிந்தால், உயிரோடு இருந்தால், கேட்டுச் சொல்லுங்கள்.

பாஷ்யம்


கும்மிடிப்பூண்டி
5.3.2024

லேப் சாருக்கு,

கேட்கவேண்டியதில்லை. அந்தக் கைநாட்டு என்னுடையது.

(சார், இதை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டேன். மாமா "எழுது" என்றார். — ஏஞ்சலின்)

நானும் முகர்ந்தேன். எனக்கும் அடித்தது. "டேய் வரதா, நீ அவன்கூட ஒண்ணா சாப்புடறவன், மோந்து பாத்து சொல்லு" என்றார் மேனேஜர். மோந்தேன். தலையை ஆட்டினேன். விரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். நான் என்னவென்று தெரியாமல் வைக்கவில்லை. படித்துக் காட்டினார்கள், வைத்தேன். "எங்கூட தின்னவன் எனக்குத் தெரியாம குடிச்சிருக்கானே" என்று அன்றைக்கு அவன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் ஒரு வருஷம் இருந்தது. இதைத்தான் உங்களுக்கு இரண்டு கடிதத்திலும் சொல்லாமல் விட்டேன். நிரவின ரோடு என்று உங்களைச் சொன்னேன்.

இப்போது வாடைக்கு வருகிறேன். ஒவ்வொன்றாய்ச் சொல்கிறேன், நீங்களும் கூடவே நடந்து வாருங்கள். நாலு மணிக்கு அவனுக்குக் குளிர் வந்தது. நானும் இன்னொருத்தனும் முதலுதவி ரூமுக்குத் தூக்கினோம். கம்பவுண்டர் மலேரியா டெஸ்டுக்கு விரலைக் குத்த வந்தான். ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து பஞ்சில் ஊற்றினான். ஆசீர்வாதத்துக்குக் கை காலெல்லாம் தூக்கிப் போட்டது. அவன் கை பட்டு பாட்டில் சரிந்தது. சட்டைக் கை, மார்பு, போர்த்தின துண்டு எல்லாம் நனைந்தது. கம்பவுண்டர், "அடச்சீ, ஸ்டோர்ல இண்டெண்ட் போட்டு வாங்கினது" என்று திட்டினான். ஆசீர்வாதம் அந்த ஈரத் துண்டை வாய்வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு நடுங்கினான். அப்புறம்தான் மேனேஜர் வந்தார். நீங்கள் வந்தீர்கள்.

மேனேஜரும் நீங்களும் நானும் அந்த ரூமில் பாட்டிலைப் பார்த்தோம். தரையில் ஈரம் இருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும், இன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் முகரும்போது தெரியவில்லை. குடித்திருக்கிறான் என்று காதில் விழுந்த பிறகு மூக்கு வேறு எதையும் சொல்லவில்லை. மலேரியா இருக்கிறதா என்று பார்க்கக் கொண்டுவந்த ஸ்பிரிட்டே அவன் குடிகாரன் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. ரத்தத்தில் கிருமி இல்லை என்று மறுநாள் வந்தது. குடித்துத்தான் விழுந்தான், அதனால்தான் கிருமி இல்லை என்றார்கள். எது வந்தாலும் அவன்மேல்தான் விழுந்தது.

உங்கள் புத்தகத்தில் பார்ப்பதற்குச் சாயம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். மூக்குக்கும் உண்டு. அதை எழுதுங்கள். கைநாட்டு யாருடையது என்றும் எழுதுங்கள்.

ஞானம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போகவேண்டும். கால் வரவில்லை.

வரதன்


திருவள்ளூர்
17.3.2024

வரதா,

மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஸ்பிரிட் பாட்டில் எனக்கும் நினைவு வந்துவிட்டது. நீ எழுதியதால் வந்ததா, உண்மையில் வந்ததா என்று தெரியவில்லை. அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். தொடக்கம் இது:

"திங்கட்கிழமைக் காய்ச்சல் கொசுவால் வருவதல்ல என்று எங்கள் ஆலையில் முதலில் கண்டவர் ஆசீர்வாதம். உலையில் ஸ்கிராப் போடுபவர். அவர் ஆறு ஞாயிறுகள் வேலை செய்தும், மூன்று நாட்கள் விடுப்பு எடுத்தும் சோதித்தார். அவருடைய சோதனையை நான் ஒரு தாளில் குறித்து டிராயரில் போட்டேன். நான்கு மாதங்கள் கழித்து அவர் குடித்திருந்தார் என்று கையெழுத்திட்டேன். அவர் குடிக்கவில்லை. நான் முகர்ந்தது, அவருக்கு என்ன நோய் என்று அறிய நாங்கள் கொண்டுவந்த ஸ்பிரிட்டை."

பதிப்பாசிரியர் போன் செய்தார். "சார், இது விஞ்ஞானப் புஸ்தகமா, பாவமன்னிப்பா?" என்றார். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்த வருஷம் போடமுடியாது என்கிறார். வேறு இடம் தேடவேண்டும். கிடைக்காமலும் போகலாம். களைப்பாக இருக்கிறது. ஆனால் மாற்றி எழுதமாட்டேன்.

உன் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். அந்த முடிவு உன்னுடையதும் ஞானம்மாவுடையதும். அவர் வேண்டாம் என்றால் அத்தியாயமே வேண்டாம். தாள்கள் இத்துடன்.

பாஷ்யம்


கும்மிடிப்பூண்டி
1.4.2024

லேப் சாருக்கு,

நேற்று ஈஸ்டர். ஞானம்மா கோயிலிலிருந்து வருகிற நேரம் பார்த்துப் போனோம். ஏஞ்சலின் எல்லாவற்றையும் படித்தாள். கைநாட்டு வருகிற இடத்தை நான் படிக்க விடவில்லை. நானே சொன்னேன்.

ஞானம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. எழுந்துபோய் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ஸ்பிரிட் பாட்டில் வருகிற பக்கத்தை இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். படித்ததும் மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னாள். துண்டு நனைந்தது, சட்டை நனைந்தது என்கிற வரியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

"அன்னிக்கு ரெண்டு பேரு புட்ச்சினு வந்து ஊட்ல வுட்டாங்க. சட்டையக் கயட்டி நான்தான் தொவச்சேன். வாட அட்ச்சுது. குடிக்கல ஞானம், கர்த்தர் மேல ஆணையா குடிக்கலன்னு சொன்னாரு. நான் நம்பல. எனுக்கு மூக்கு இல்லியான்னு கேட்டேன். சாவுற வரிக்கும் கேட்டேன். ஊரு சொன்னதுக்கு நான் சண்ட போட்டேன், ஊட்டுக்குள்ள நானே சொன்னேன்."

அப்புறம் ஏஞ்சலினிடம் பேனாவைக் கேட்டாள். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். உங்கள் தாளில் உங்கள் பேரும் என் பேரும் இருக்கிற வரிக்குக் கீழே, எழுத்தெழுத்தாய்த் தன் பேரைப் போட்டாள்.

"மோந்தது மூணு பேருன்னு எழுதச் சொல்லு" என்றாள்.

வரதன்